டிவி தெளிவாகத் தெரிகிறது, மோடம் மட்டும் சேனல் தேடிக்கொண்டே இருக்கிறதே?

"ஐயா, காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு ஊரில் இருக்கிறோம். டிவி வரும் கேபிள் லைனிலேயே இன்டர்நெட்டும் வருகிறது. போன மாதம் மாடியில் ஓர் அறை கட்டி, மோடத்தை அங்கே கொண்டுபோனோம். புதிதாக இரண்டு டிவியும் வாங்கினோம். கேபிள் தம்பி வந்து, இரண்டு வழி ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிட்டு நாலு வழி போட்டார். மாடிக்கு வீட்டில் கிடந்த பழைய ஒயரை இழுத்தார், ஒரு பதினைந்து மீட்டர் இருக்கும். அன்றிலிருந்து பவர் லைட் நின்று எரிகிறது, டிஎஸ் லைட் மின்னிக்கொண்டே இருக்கிறது, அதற்கு மேல் எந்த லைட்டும் வருவதில்லை. மூன்று டிவியும் பளிச்சென்று தெரிகின்றன. தம்பி மீட்டர் வைத்துப் பார்த்து, '52 இருக்குக்கா, லைன் நல்லா இருக்கு, மோடம்தான் போச்சு, 3,000 ரூபாய்க்குப் புதுசு வாங்குங்க' என்கிறார். ரீசெட் பட்டனை எத்தனையோ முறை அழுத்திவிட்டேன். என் மகன் மோடத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தான். இப்போது -19.2 dBmV என்று காட்டுகிறது, SNR இருக்கும் இடம் காலி. நன்றாக ஓடிய காலத்தில் எடுத்த போட்டோவில் 602000000 Hz, -6.1 dBmV, SNR 35.4, QAM256 என்று இருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள் நான். புது மோடம் வாங்கட்டுமா? பூஸ்டர் வைத்தால் சரியாகுமா?"
— வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள சகோதரி,

3,000 ரூபாயை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். பூஸ்டரும் வேண்டாம். உங்கள் மகன் எடுத்த அந்தப் பழைய போட்டோ பெரிய உபகாரம். நன்றாக ஓடியபோது என்ன அளவு இருந்தது என்பது பெரும்பாலானவர்களிடம் இருக்காது, உங்களிடம் இருக்கிறது. அதை வைத்துக் கணக்குப் போட்டால், மோடத்தைத் தொடாமலேயே பழுது எந்தப் பக்கம் என்று பாதி சொல்லிவிடலாம்.

முதலில் லைட் சொல்வதைப் பார்ப்போம். கேபிள் மோடம் எப்போதும் ஒரே வரிசையில்தான் எழுந்திருக்கும். பவர் வந்ததும், கேபிளில் ஓடும் அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, தனக்கான டேட்டா வரும் சேனலைத் தேடும். அதுதான் டவுன்ஸ்ட்ரீம். அந்த வேலை நடக்கும்வரை டிஎஸ் லைட் மின்னும், கிடைத்துவிட்டால் நின்று எரியும். அதற்குப் பிறகுதான் அப்ஸ்ட்ரீமுக்கான யுஎஸ் லைட் மின்ன ஆரம்பிக்கும். அப்போது மோடம் கன்ட்ரோல் ரூமை நோக்கிப் பேச முயல்கிறது என்று அர்த்தம். அதுவும் நின்று எரிந்த பிறகு, கன்ட்ரோல் ரூம் இந்த மோடத்தை அடையாளம் கண்டு அனுமதித்தால் ஆன்லைன் லைட் எரியும்.

உங்கள் மோடம் முதல் படியையே தாண்டவில்லை. அப்படியானால் பில் பாக்கி, அக்கவுண்ட் பிளாக், வைஃபை பாஸ்வேர்டு, கம்ப்யூட்டர் கோளாறு எதுவும் இதற்குக் காரணமில்லை. அவையெல்லாம் பின்னால் வருகிற படிகளின் விஷயம். கன்ட்ரோல் ரூமிலிருந்து உங்கள் மோடம்வரை வரும் சிக்னலை மோடத்தால் பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான் இப்போதைய செய்தி.

52 என்பதும் -19 என்பதும்

தம்பி பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன எண்ணும் உங்கள் மோடம் காட்டும் எண்ணும் வேறு வேறு அளவுகோல்கள். நம் ஊரில் கேபிள்காரர்கள் கையில் இருக்கும் மீட்டர் dBµV கணக்கில் காட்டும். மோடத்தின் பக்கம் dBmV கணக்கில் காட்டும். இரண்டுக்கும் நடுவே சரியாக 60 வித்தியாசம். மீட்டரில் 60 என்றால் மோடத்தில் 0. மீட்டரில் 52 என்றால் மோடத்தில் -8. அதே கணக்கைத் திருப்பினால் உங்கள் மோடம் காட்டும் -19.2, தம்பியின் மீட்டரில் ஏறக்குறைய 41. அவர் 52 பார்த்தார், மோடத்துக்குப் போய்ச் சேர்வது 41. நடுவே 11 காணாமல் போகிறது.

எப்படிப் போகும்? ஒன்று, அவர் அளந்தது ஹால் டிவிக்குப் போகும் ஒயரில் என்று நினைக்கிறேன், மாடியில் மோடத்தின் பின்னால் அல்ல. இரண்டு, டிவி சேனல் ஓடும் அலைவரிசையில் அளந்திருப்பார். உங்கள் மோடத்தின் சேனல் 602 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. ஒயரில் அலைவரிசை ஏற ஏற இழப்பும் ஏறும். 150, 200 மெகாஹெர்ட்ஸ் சேனலில் நல்ல லெவல் இருக்கும் அதே ஒயரில், 600-க்கு மேல் லெவல் சரிந்து கிடக்கலாம். அதனால் அவரைத் திரும்ப அழைக்கும்போது, "மோடத்துக்கு வர்ற ஒயரைக் கழற்றி, 602-ல வச்சுப் பாருங்க தம்பி" என்று இடத்தையும் அலைவரிசையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"டிவி பளிச்சென்று தெரியுதே" என்பதும் இங்கே ஆதாரம் ஆகாது. செட்டாப் பாக்ஸுக்கு 47, 48 இருந்தாலே படம் உடையாமல் வந்துவிடும். டிவி சேனல்கள் பெரும்பாலும் QAM64 முறையில் வருகின்றன, உங்கள் மோடத்தின் சேனல் QAM256. பெரிய எழுத்தை மங்கலான விளக்கிலும் படிக்கலாம், பொடி எழுத்துக்கு நல்ல வெளிச்சம் வேண்டும் என்பதுபோல, 256-க்குச் சிக்னல் ஏறக்குறைய 6 டெசிபல் சுத்தமாக இருந்தாக வேண்டும். SNR என்று மோடம் காட்டுவது அந்தச் சுத்தத்தைத்தான். QAM64-க்கு 24 இருந்தால் ஓட்டிவிடலாம். QAM256-க்கு 30-க்குக் கீழே போனால் தகராறு, 33-க்கு மேல் இருந்தால் நிம்மதி. உங்களுக்கு முன்பு 35.4 இருந்தது, அது நல்ல எண். இப்போது அந்த இடம் காலியாக இருப்பதற்குக் காரணம், சேனலைப் பிடித்தால்தான் மோடத்தால் அதை அளக்கவே முடியும் என்பதுதான்.

லெவலைப் பொறுத்தவரை, மோடங்கள் -15 முதல் +15 dBmV வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. ஓரத்தில் வைத்து ஓட்டக்கூடாது, -8-க்கும் +8-க்கும் நடுவே இருப்பதுதான் நல்லது. உங்கள் -19 அந்த வேலிக்கே வெளியே இருக்கிறது. இந்த லெவலில் புது மோடமும் இதேபோலத் தேடிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும்.

கணக்கில் இடிக்கும் ஆறரை

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுவோம். இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு கிளையிலும் சுமார் மூன்றரை டெசிபல் தின்னும். முன்பு அதைத் தாண்டி வந்து மோடத்தில் -6.1 இருந்தது. ஆக வீட்டுக்குள் நுழையும் மெயின் ஒயரில் ஏறக்குறைய -2.6 இருந்திருக்கிறது. அது அருமையான லெவல்.

நாலு வழி ஸ்ப்ளிட்டர் சுமார் 7 தின்னும். -2.6-லிருந்து 7 போனால் -9.6. பழைய ஒயர் மெல்லிய ஆர்ஜி59 ரகமாக இருந்தால், பதினைந்து மீட்டருக்கு 602 மெகாஹெர்ட்ஸில் சுமார் 3 போகும். ஆக -12.6 வர வேண்டும். அது சோகையான லெவல்தான், அடிக்கடி கட் ஆகும். ஆனாலும் மோடம் சேனலைப் பிடித்திருக்க வேண்டும். உங்களுக்கு வருவதோ -19.2. சேனல் பிடிக்காத நிலையில் மோடம் காட்டும் எண் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும், அதைத் தள்ளாமல் பார்த்தால் ஆறரை டெசிபலுக்கும், தள்ளிப் பார்த்தாலும் நாலரைக்கும் கணக்கு வரவில்லை.

அந்த ஆறரைதான் நான் தேடச் சொல்வது. ஸ்ப்ளிட்டர் மாற்றியதால் மட்டும் நின்றதல்ல இது, வழியில் எங்கோ ஒரு ஜாயின்ட் கெட்டிருக்கிறது. வீட்டில் கிடந்த ஒயர் என்கிறீர்கள். அது நீளம் போதாமல் நடுவில் இரண்டு துண்டை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்களா பாருங்கள். உள் கம்பியை உள் கம்பியோடும், மேல் வலையை மேல் வலையோடும் கையால் முறுக்கிவிட்டால் டிவி தெரிந்துவிடும். ஆனால் உயர்ந்த அலைவரிசைக்கு அந்த இடம் ஒரு தடுப்புச் சுவர். சிக்னலில் ஒரு பகுதி மோதித் திரும்பிப் போய்விடும். டேப் சுற்றிய இடம் மாடி வெளிச்சுவரில் இருந்தால் மழைத்தண்ணீரும் இறங்கியிருக்கும்.

ஜாயின்ட் இல்லை என்றால் இரண்டு முனையிலும் இருக்கும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுக் கம்பி கனெக்டரின் வாயைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நேராக நீட்டியிருக்க வேண்டும். செம்பு நிறம் பளிச்சென்று தெரிய வேண்டும். கறுத்திருந்தாலோ, பச்சை படிந்திருந்தாலோ, வலையின் ஒரே ஒரு நூல் வளைந்து நடுக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலோ ஆறு டெசிபல் என்ன, பதினைந்துகூடப் போகும். கனெக்டரைப் பிடித்து லேசாக இழுத்தால் கையோடு வந்துவிட்டால் அது சரியாக அழுத்தப்படவில்லை.

அந்த நாலு வழிப் பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதையும் படியுங்கள். 5-1000 MHz என்று இருந்தால் சரி. 950-2400 என்பதுபோல இருந்தால் அது டிஷ் ஆன்டெனாவுக்கானது, கேபிளுக்கு ஆகாது. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஒயரைக் கழற்றும் முன் டிவி, செட்டாப் பாக்ஸ், மோடம் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். கனெக்டரின் உலோகத்தைத் தொடும்போது சுள்ளென்று இழுத்தால் அத்தோடு விட்டுவிட்டு ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள். வெளியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர்களுக்கு அதே கேபிள் வழியாகக் கரண்ட் அனுப்புவது உண்டு, அது வீட்டு லைனுக்குள் கசிந்திருக்கலாம். கம்பத்தில் இருக்கும் எதையும் நீங்களோ உங்கள் மகனோ தொடவே கூடாது. சித்திரை, வைகாசியில் சாயங்காலம் இடி இறங்குகிற பகுதி உங்களுடையது. மேகம் கட்டியிருக்கும்போது இந்த வேலை வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய சோதனை

மோடத்தை அதன் அடாப்டரோடு கீழே எடுத்து வாருங்கள். ஸ்ப்ளிட்டரில் உள்ளே வரும் மெயின் ஒயரைக் கழற்றி, நேராக மோடத்தில் திருகுங்கள். டிவி எதுவும் லைனில் வேண்டாம். பிளக்கைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள்.

அரை மணி நேரம் ஏன் என்றால், நீங்கள் அழுத்திய ரீசெட்தான் காரணம். மோடம் கடைசியாகப் பிடித்த அலைவரிசையை நினைவில் வைத்திருக்கும், அடுத்த முறை முதலில் அங்கேதான் போய்ப் பார்க்கும். ரீசெட் பட்டன் அந்த நினைவை அழித்துவிடுகிறது. அப்புறம் அது கீழிருந்து மேல்வரை மொத்த வரிசையையும் தேட வேண்டியிருக்கிறது. நடுவில் பொறுமையிழந்து சுவிட்சை அணைத்துப் போட்டால் திரும்ப ஆரம்பத்திலிருந்து. மோடத்தின் லேன் போர்ட்டில் கம்ப்யூட்டரை இணைத்து 192.168.100.1 பக்கத்தைத் திறந்து பாருங்கள். சில மாடல்களில் தொடக்க அலைவரிசையை நாமே தரும் கட்டம் இருக்கும். இருந்தால் 602000000 என்று அடித்துக் கொடுங்கள், தேடல் நிமிடங்களில் முடியும். ரீசெட் பட்டனை இனி மறந்துவிடுங்கள்.

அந்தப் பக்கத்தின் லாக் பகுதியில் உங்கள் நிலைமைக்கு வழக்கமாக இருக்கும் வரி இது:

```
SYNC Timing Synchronization failure - Failed to acquire QAM/QPSK symbol timing
```

டவுன்ஸ்ட்ரீம் சேனலைப் பிடிக்க முடியவில்லை என்பதை மோடம் இப்படி எழுதிவைக்கிறது. இந்த வரி வருவதாலேயே மோடம் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மெயின் ஒயரில் டிஎஸ் லைட் நின்று எரிந்து, லெவல் -2, -3 என்றும் SNR 35-ஐ ஒட்டியும் வந்தால் கதை முடிந்தது. மோடம் நன்றாக இருக்கிறது, வெளி லைனும் நன்றாக இருக்கிறது, கோளாறு வீட்டுக்குள் இழுத்த வேலையில். உங்கள் எண்களைப் பார்க்கும்போது இதுதான் நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

நேராக மாட்டியும் பிடிக்கவில்லை என்றால் மூன்று காரணம் இருக்கலாம். வெளி லைனில் லெவல் விழுந்திருக்கலாம். அல்லது கன்ட்ரோல் ரூமில் அந்த இன்டர்நெட் சேனலையே நிறுத்தியிருக்கலாம். ஃபைபருக்கு மாறும் ஆபரேட்டர்கள் பழைய கேபிள் இன்டர்நெட்டை மூடுவது உண்டு, அப்போது டிவி மட்டும் ஓடும். இந்த இரண்டும் இல்லை என்றால்தான், மோடத்தில் சேனலைப் பிடிக்கும் பகுதியான டியூனர் கெட்டிருக்கலாம். அதே ஆபரேட்டரிடம் அதே மாதிரி இணைப்பு வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரைக் கேளுங்கள், அவர்களுக்கு ஓடுகிறதா என்று. ஓடினால் அவர்கள் மோடத்தைப் பத்து நிமிடம் இரவல் வாங்கி உங்கள் மெயின் ஒயரில் மாட்டிப் பாருங்கள். இன்டர்நெட் வருகிறதா என்று பார்க்க வேண்டாம், டிஎஸ் லைட் நின்று எரிகிறதா என்று மட்டும் பாருங்கள். டவுன்ஸ்ட்ரீமைப் பிடிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை, எந்த மோடமும் பிடிக்கும். அது நின்று எரிந்து உங்களுடையது எரியாவிட்டால், அப்போது தம்பி சொன்னது சரி. மோடம் மாற்றலாம்.

அப்படி மாற்றும் நிலை வந்தாலும் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்றோ, அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொடுத்தார் என்றோ ஒன்றை வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே ஒரு சேனலின் அகலம் 6 மெகாஹெர்ட்ஸ், நம் கேபிளில் 8. 8-ஐப் புரிந்துகொள்ளாத மோடம் ஆயுள் முழுக்கத் தேடும். ஆபரேட்டர் தரும் மாடல் அல்லது அவர் எழுதிக் கொடுக்கும் மாடல்தான் வேண்டும்.

பூஸ்டர் ஏன் வேண்டாம்

கடையில் கிடைக்கும் சாதாரண டிவி பூஸ்டர் ஒருவழிப் பாதை. கன்ட்ரோல் ரூமிலிருந்து வருவதைப் பெருக்கும், வீட்டிலிருந்து போவதை அடைத்துவிடும். மோடம் திரும்பிப் பேசுவது 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸுக்குள். பூஸ்டரை மாட்டினால் டிஎஸ் லைட் நின்று எரியும், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள், அடுத்து யுஎஸ் லைட் மின்ன ஆரம்பித்து மின்னிக்கொண்டே இருக்கும். அது மட்டுமல்ல, ஜாயின்டில் கெட்டுப்போன சிக்னலை அதற்குப் பின்னால் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். லெவல் எண் அழகாக வரும், SNR எழுந்திருக்காது. உங்கள் மெயின் ஒயரில் -2.6 இருக்கும்போது பெருக்க வேண்டிய அவசியமே இல்லை.

தம்பியிடம் செய்யச் சொல்ல வேண்டியது

மெயின் ஒயர் நுழையும் இடத்தில் நல்ல இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் ஒன்று. அதன் ஒரு கிளை மோடத்துக்கு மட்டும், மாடிவரை நடுவில் ஒட்டுப்போடாத ஒரே நீள ஆர்ஜி6 ஒயரில், இரண்டு முனையிலும் கருவியால் அழுத்திய கனெக்டரோடு. மற்றொரு கிளை அந்த நாலு வழிக்குப் போய், அங்கிருந்து மூன்று டிவிக்கு. நாலு வழியில் காலியாக இருக்கும் வாயில் 75 ஓம் டெர்மினேட்டர் ஒன்று திருகச் சொல்லுங்கள். திறந்து கிடந்தால் சிக்னல் அங்கே மோதித் திரும்பும்.

இப்படிச் செய்தால் மோடத்துக்கு -2.6-லிருந்து மூன்றரை போய் -6.1, ஒயருக்கு இரண்டரை போய் ஏறக்குறைய -8.6. ஓடும். ஆனால் டிவிகளுக்கு இன்னொரு மூன்றரை குறையும். ஹாலில் 52 இருந்தது 48-ஐ ஒட்டி வரும், அது எல்லைக்கோடு. ஏதாவது சேனலில் படம் கட்டம் கட்டமாக உடைந்தால், வெளி லைனிலிருந்து உங்கள் வீட்டுக்குச் சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் டேப் என்ற சின்னப் பெட்டியை மாற்றச் சொல்லுங்கள். 20 மதிப்புள்ள டேப் இருந்தால் 17 போட்டால் வீட்டுக்குள் எல்லா இடத்திலும் 3 கூடும். டிவி 51 ஆகும், மோடம் -5.6 ஆகும். ஐந்து நிமிட வேலை, ஆனால் அவர்தான் செய்ய வேண்டும்.

மாடியில் வைஃபை வந்தால் போதும் என்றால் இன்னும் எளிது. மோடத்தைக் கீழேயே பழைய இடத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து லேன் ஒயரை மாடிக்கு இழுத்து அங்கே ஒரு ரவுட்டர் வையுங்கள். லேன் ஒயரில் இந்த லெவல் தொல்லை எதுவும் கிடையாது. தினமும் வேலை பார்ப்பவர் என்பதால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பணமும் புகாரும்

மோடம் உங்கள் சொந்தமா, ஆபரேட்டர் டெபாசிட் வாங்கிக்கொண்டு கொடுத்ததா என்று முதலில் ரசீதைப் பாருங்கள். அவருடையது என்றால் தானாகக் கெட்ட மோடத்துக்கு உங்களிடம் 3,000 கேட்பதற்கு முன், எந்த விதியில் கேட்கிறார் என்று ரசீதைக் காட்டிக் கேளுங்கள். உங்களுடையது என்றாலும், மெயின் ஒயர் சோதனையை அவர் முன்னாலேயே செய்துகாட்டிய பிறகு பேசுங்கள். எண்களைப் பார்த்தால் பெரும்பாலான கேபிள்காரர்கள் வாதாட மாட்டார்கள்.

வாய்வார்த்தையாக மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். இன்டர்நெட் பில்லில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ அதன் வாடிக்கையாளர் எண்ணில் புகாரைப் பதிந்து, டாக்கெட் நம்பரை வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டுப் புகார் தீர்வு ஒழுங்குமுறைப்படி அந்த நம்பரை அவர்கள் தந்தாக வேண்டும். அங்கே தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது. அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசுங்கள். இணைப்பு ஓடாத நாட்களுக்கான வாடகையைக் கழிக்கும்படியும் புகாரிலேயே எழுதிக் கேளுங்கள். டிஎஸ் லைட் மின்னும் ஒரு சின்ன வீடியோ, -19.2 காட்டும் போட்டோ, பழைய -6.1 போட்டோ மூன்றையும் தேதியோடு சேர்த்து அனுப்பிவையுங்கள்.